காபி பாக்கெட்டில் ‘ஆர்கானிக்’, ‘ஷேட் க்ரோன்’: எதை நம்பலாம், எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: கடையில் ‘ஆர்கானிக்’, ‘ஷேட் க்ரோன்’ என்று போட்ட ஃபில்டர் காபித் தூள் மற்றதைவிட ரொம்ப விலை. அந்த இரண்டு வார்த்தைக்கும் உண்மையில் என்ன உத்தரவாதம்? வெறும் விளம்பரமா?

பதில்:

இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இந்தியாவில் ‘ஆர்கானிக்’ என்பது சட்டத்தில் வரையறுத்த சொல். ‘ஷேட் க்ரோன்’, அதாவது நிழலில் விளைந்தது என்பது, அப்படி இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். முதலாவதைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தே ஓரளவு சோதித்துவிடலாம். இரண்டாவதற்கு, விற்பவரிடம் வாய்திறந்து கேட்டால்தான் உண்டு.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017 விதிமுறைப்படி, ஆர்கானிக் என்று பாக்கெட் போட்டு விற்க இரண்டு வழிகள். ஒன்று, மூன்றாம் தரப்பு நிறுவனம் வந்து ஆய்வு செய்து தரும் சான்று. இதன் பெயர் NPOP. தமிழ்நாட்டில் அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையே இதைத் தருகிறது, தனியார் நிறுவனங்களும் தருகின்றன. இன்னொன்று, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்க்கும் PGS-India. எந்த வழியில் வந்தாலும் பாக்கெட்டில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இருக்க வேண்டும். பலர் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் பார்த்துவிட்டு ‘அரசு சான்று இருக்கிறது’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண் ஊறுகாய் பாட்டிலிலும் இருக்கும்; அதற்கும் ஆர்கானிக்குக்கும் சம்பந்தமில்லை. ‘நேச்சுரல்’ என்ற சொல்லும் அப்படியே ஏமாற்றும். காபியில் அது பழத்தைத் தோலோடு காயவைக்கும் முறையின் பெயர். மருந்தடித்த தோட்டத்துக் காபியும் ‘நேச்சுரல்’ ஆகலாம்.

சான்று சொல்வது இதுதான்: செடிக்கு யூரியா போன்ற செயற்கை உரமோ, செயற்கைப் பூச்சிக்கொல்லியோ, களைக்கொல்லியோ போடவில்லை. காபி பல்லாண்டுப் பயிர் என்பதால் இப்படி மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகு வரும் அறுவடைதான் ஆர்கானிக். அதற்கு முந்தையது ‘மாற்றுக் காலத்து’ விளைச்சல். தோட்டத்தோடு வேலை முடிவதில்லை. கொட்டையை வறுப்பவர், அரைப்பவர், பாக்கெட் போடுபவர் என்று ஒவ்வொரு கையும் சான்றுக்குள் வர வேண்டும். அதனால்தான், சான்று பெற்ற தோட்டத்துக் கொட்டையை வாங்கி, எல்லாவற்றையும் அரைக்கும் அதே மெஷினில் அரைத்து, உங்கள் கண் முன்னால் கவரில் போட்டுத் தரும் கடைக்காரர் அதன்மேல் முத்திரை ஒட்ட முடியாது. கொட்டை நல்லதாகவே இருக்கலாம். சங்கிலி அந்த இடத்தில் அறுந்துவிட்டது.

சான்று சொல்லாதவற்றில் முதலாவது, ‘மருந்தே அடிக்கவில்லை’ என்பது. அராபிகா வகைக் காபிச் செடிக்கு இலைத்துரு நோய் வரும். அதற்குப் பழைய வைத்தியம் போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம் என்ற தாமிர உப்பு, ஒரு கிலோ சுண்ணாம்பு, 200 லிட்டர் தண்ணீர், அதாவது ஒரு பேரல். இது ஆர்கானிக் தோட்டத்திலும் கட்டுப்பாட்டோடு அனுமதி. தாமிரம் மண்ணில் சேரும், எளிதில் போகாது என்பதால்தான் கட்டுப்பாடு. ஐரோப்பிய விதியில் ஒரு ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோ தாமிரம்தான் உச்ச வரம்பு.

இரண்டாவது, சிக்கரி. நம் ஊரில் இதுதான் பெரிய ஓட்டை. ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். 500 கிராம் பாக்கெட், முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘ஆர்கானிக் ஃபில்டர் காபி’. திருப்பினால், சட்டப்படி போட வேண்டிய வரி: காபி 70 சதவீதம், சிக்கரி 30 சதவீதம். அதாவது 350 கிராம் காபி, 150 கிராம் சிக்கரி. பல பொருள் கலந்த உணவை ஆர்கானிக் என்று சொல்ல, எடையில் குறைந்தது 95 சதவீதம் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். இந்தப் பாக்கெட்டில் அது 475 கிராம். காபி முழுக்கச் சான்று பெற்றதாக இருந்தாலும் 125 கிராம் குறைகிறது. ஆக, சிக்கரியும் ஆர்கானிக்காக இருந்தாக வேண்டும். நம் சிக்கரி பெரும்பாலும் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளையும் கிழங்கு. அது காபித் தோட்டத்தின் சான்றுக்குள் வராது, தனிச் சான்று வேண்டும். பொருள் பட்டியலில் ‘ஆர்கானிக் காபி, சிக்கரி’ என்று இருந்து, சிக்கரிக்கு முன்னால் அந்த அடைமொழி இல்லையென்றால், முன்பக்கத்துப் பெரிய எழுத்து பொய். 90:10 கலவைக்கும் இதே கணக்குதான். சிக்கரி கலக்காத தூள் என்றால் இந்தச் சிக்கலே இல்லை.

மூன்றாவது, சான்று பெற்றது என்றால் ஒவ்வொரு தோட்டத்தையும் வெளி ஆய்வாளர் பார்த்தார் என்று பொருளல்ல. சிறு விவசாயிகள் குழுவாகச் சான்று வாங்கும்போது, குழுவின் சொந்த ஆய்வாளர்கள்தான் எல்லாத் தோட்டத்தையும் பார்ப்பார்கள். வெளியிலிருந்து வருபவர் மாதிரிக்குச் சில தோட்டங்களை மட்டும் பார்ப்பார். நெடுநாள் நடைமுறை, எண்ணிக்கையின் வர்க்கமூலம்: 400 பேர் இருந்தால் 20 தோட்டம். குழு ஒழுங்காக இருந்தால் இது போதும், தளர்ந்துவிட்டால் போதாது. கூலி, விவசாயிக்குப் போய்ச் சேரும் விலை, தூள் வறுத்து எத்தனை நாள் ஆயிற்று, ருசி எப்படி, இவற்றைப் பற்றியெல்லாம் முத்திரைக்கு ஒரு பேச்சும் இல்லை.

உடம்புக்கு நல்லது என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதாக இருந்தால், ஒன்று யோசியுங்கள். காபியில் நாம் குடிப்பது பழத்தை அல்ல. தோல், சதை, பார்ச்மென்ட் என்ற உள் ஓடு எல்லாம் போய், 200 டிகிரிக்கு மேல் வறுத்த கொட்டையை. அதனால் சாதாரணக் காபியிலும் டம்ளருக்கு வரும் மருந்து எச்சம் பொதுவாகக் குறைவு. ஆர்கானிக்கின் பலன் முதலில் போய்ச் சேர்வது முதுகில் டேங்க் கட்டி அடிப்பவருக்கும், மண்ணுக்கும், தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடைக்கும். அதற்காகக் காசு கொடுப்பதாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள்.

இனி நிழல். இந்த லேபிள் பிறந்த இடம் அமெரிக்கக் கண்டம். 1970-களில் இலைத்துரு நோய் அங்கே பரவிய பயத்தில், நிழல் மரங்களை வெட்டிவிட்டு வெயிலில் நெருக்கமாக நட்டு, உரம் போட்டு விளைச்சல் எடுக்கும் முறை கொலம்பியா, கோஸ்டா ரிக்கா போன்ற நாடுகளில் பெருகியது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பறவைகளுக்கு ஒதுங்க இடம் குறைந்தது. அதற்கு மறுப்பாக எழுந்ததுதான் ‘நிழலில் விளைந்தது’ என்ற சொல். இந்தியாவில் கதை வேறு. ஏற்காடு, தாண்டிக்குடி, வால்பாறை, குடகு, எங்கே போனாலும் காபி நிழலில்தான் இருக்கிறது. அராபிகாவை வெயிலில் விட்டால் வெள்ளைத் தண்டு துளைப்பான் விடாது. அந்த வண்டு ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் பறக்கும். வெயில் படும் தண்டாகப் பார்த்து, பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு உள்ளே குடைந்து போனால் செடி வாடி மஞ்சளடிக்கும், தண்டில் வளையம் வளையமாகப் புடைப்பு தெரியும். அப்புறம் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. ஆர்கானிக் தோட்டத்தில் இது வராமல் தடுக்கக் கையில் இருப்பது, தேங்காய் நாரால் தண்டைத் தேய்த்துத் தளர்ந்த பட்டையை எடுப்பதும், சுண்ணாம்பு அடிப்பதும், எல்லாவற்றுக்கும் மேலாக நிழலும்தான். ஆக, இந்திய அராபிகா பாக்கெட்டில் ‘ஷேட் க்ரோன்’ என்று போடுவது, அரிசி மூட்டையில் ‘தண்ணீர் பாய்ச்சி விளைந்தது’ என்று போடுவது மாதிரி. பொய்யில்லை, ஆனால் புதிதாக எதுவும் சொல்லவில்லை.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, நிழல் உண்டா என்பதல்ல. என்ன மரத்து நிழல் என்பது. பழைய தோட்டத்தில் மேலே பலா, அத்தி, காட்டு மரங்கள். கீழே கல்யாண முருங்கை. கல்யாண முருங்கையை மழைக்கு முன் கவாத்து செய்து வெளிச்சம் விடுவார்கள், அதன் தழை மண்ணுக்கு உரமாகும். இப்போது பல தோட்டங்களில் அந்த இடத்தைச் சில்வர் ஓக் பிடித்திருக்கிறது. ஆஸ்திரேலிய மரம், நேராக வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம். குடகில் நாட்டு மரத்தை வெட்ட அனுமதிக்கு அலைய வேண்டும், சில்வர் ஓக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. விவசாயி ஏன் அதை நடுகிறார் என்பது புரிகிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் வரிசையாக ஒரே மரம் நிற்கும் தோட்டமும், 20 வகை மரம் நிற்கும் தோட்டமும் பாக்கெட்டில் ஒரே ‘ஷேட் க்ரோன்’ ஆகிவிடுகின்றன. பறவைக்கும் பூச்சிக்கும் இரண்டும் ஒன்றல்ல.

நிழலை எண்ணில் அளந்து சொல்லும் சான்று ஒன்று உண்டு: அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ‘பேர்ட் ஃப்ரெண்ட்லி’. தலைக்குமேல் குறைந்தது 40 சதவீதம் இலைக்கூரை, முக்கிய நிழல் மரங்கள் 12 மீட்டர் உயரம், அவை தவிரக் குறைந்தது 10 வகை மரங்கள், இவற்றோடு ஆர்கானிக் சான்றும் கட்டாயம். தவளை முத்திரை போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் இதனோடு ஒன்றல்ல. அதற்கு ஆர்கானிக் தேவையில்லை. கூலி, குழந்தைத் தொழிலாளர், காட்டழிப்பு போன்றவற்றை அது பார்க்கிறது.

நம் கடைப் பாக்கெட்டில் இவை அபூர்வம். ஆகவே விற்பவரிடம் கேளுங்கள்: எந்த எஸ்டேட் அல்லது எந்தக் கிராமம், மேல் நிழலுக்கு என்ன மரங்கள், சில்வர் ஓக் பாதிக்கு மேல் இருக்குமா? தோட்டத்தோடு நேரடித் தொடர்புள்ளவர் நாலைந்து மரத்தின் பெயரையாவது சட்டென்று சொல்லிவிடுவார். ‘எல்லாம் ஷேட்தான் சார்’ என்று பதில் வந்தால், அவர் கொட்டையை ஏஜென்டிடம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆர்கானிக் என்றால், நடப்பு ஆண்டுச் சான்றிதழின் நகல் கேளுங்கள். அதில் யார் பெயர், என்ன பயிர் என்று இருக்கும். மிளகுக்கு மட்டும் வாங்கிய சான்றைக் காட்டிக் காபி விற்பது உண்டு. பயிர்ப் பட்டியலில் காபி இருக்கிறதா என்று பாருங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள், சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது.

முத்திரை இல்லாத தூள் எல்லாம் மருந்தில் விளைந்தது என்றும் முடிவு கட்ட வேண்டாம். இரண்டு ஏக்கர் மலைத் தோட்டக்காரர் பலர் உரம் வாங்கவே காசில்லாமல் சாணமும் தழையும் போட்டுத்தான் காபி எடுக்கிறார்கள். சான்றுக்கான கட்டணமும் பதிவேடும் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. சின்ன உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோருக்கு விற்றால் சான்றிலிருந்து சட்டமே விலக்கு தருகிறது. ஜைவிக் பாரத் முத்திரையை மட்டும் அவர் போட முடியாது. அப்படிப்பட்டவரிடம் வாங்கும்போது, பாக்கெட்டைவிட அவர் சொல்லும் மரங்களின் பெயர்தான் உங்களுக்கு உதவும்.