செவ்வக வெட்டு: அக்குளில் இழுப்பு

"துணி வீணாகக் கூடாதென்று செவ்வகங்களாகவே வெட்டி மேலாடை தைத்தேன். கையைத் தூக்கினால் அக்குளில் இழுத்துத் தையல் பிரிகிறது."

மிஞ்சிய துணியில், சுற்றிலும் 1 செ.மீ. தையல் விளிம்பையும் சேர்த்து 12 செ.மீ. சதுரம் இரண்டு வெட்டி, ஒவ்வொரு அக்குளிலும் ஒன்று வைத்துத் தையுங்கள். நேர்வெட்டுக் கையில் அக்குள் வளைவு இல்லை. கை உயரும்போது தேவைப்படும் கூடுதல் நீளத்தை இந்தச் சதுரம்தான் தரும்.

சதுரத்தை வெட்டும் முன் அக்குளிலிருந்து கைப்பக்கம் 10 செ.மீ., உடல்பக்கம் 10 செ.மீ. தையலைப் பிரித்துக் கையைத் தூக்கிப் பாருங்கள். இழுப்பு நின்றால் அளவு சரி. நிற்காவிட்டால் இன்னும் சற்றுப் பிரித்து, சதுரத்தையும் அதே அளவு பெரிதாக்குங்கள்.

சதுரத்தை நூலோட்டத்திலேயே வெட்டுங்கள். மூலைக்கு மூலை அது குறுக்கோட்டமாகி நன்றாக நெகிழும். ஒவ்வொரு மூலைக்கும் 1 செ.மீ. முன்பே தையலை நிறுத்துங்கள். மூலையைத் தாண்டினால் சுருக்கம் விழும், அங்கேதான் பெரும்பாலும் கெடுகிறது.

மேலாடையைத் துவைத்துவிட்டீர்கள் என்றால், மிச்சத் துணியையும் துவைத்த பிறகே வெட்டுங்கள்.