வாழைக் கழிவிலிருந்து நார், தட்டு, தீவனம்: தண்ணீரைக் கணக்கில் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் சில பதில்கள்

நார் எடுக்கும்போது வெள்ளையாகத்தான் வருகிறது. காய்ந்ததும் பழுப்பாகிவிடுகிறது. இயந்திரத்தில் கோளாறா?

இயந்திரத்தைச் சந்தேகிப்பதற்கு முன் மரம் வெட்டப்பட்ட நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து வடியும் சாற்றில் துவர்ப்புப் பொருள்கள் உள்ளன. காற்றுப் பட்டதும் அவை கறுக்கத் தொடங்கும். நாரின் மேல் அந்தச் சாறு ஒட்டிக்கொண்டிருக்கும் வரை, நிழலில் கிடந்தாலும் நிறம் மாறிக்கொண்டேதான் இருக்கும். தொடக்கத்தில் நானும் ஒரு மாலை சுரண்டிய நாரை, விடிந்ததும் அலசிக்கொள்ளலாம் என்று குவியலாக விட்டுவிட்டேன். காலையில் குவியலின் மேற்புறம் மட்டும் வெளுப்பாக இருந்தது. உள்ளே கைவிட்டபோது கதகதப்பாகவும், எடுத்துப் பார்த்தபோது தேயிலைக் கறை போலவும் இருந்தது.

ஆகவே மரத்தை வெட்டிய அன்றோ மறுநாளோ சுரண்டிவிடுங்கள். சுரண்டிய கையோடு, பிழிந்தால் தெளிந்த நீர் வரும் வரை அலசி, கொடியில் பிரித்துப் போட்டு நிழலில் காயவையுங்கள். சாறு இரும்பில் பட்டால் கறை நீலக் கருமையாக மாறும். சுரண்டும் கத்தி துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். வெளிப்பட்டை, நடுப்பட்டை, உட்பட்டை ஆகியவற்றின் நார்களை ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். வெளிப்பட்டை நார் முரடாகவும் நிறம் மங்கியும் இருக்கும். உட்பட்டை நார் வெண்மையானது, ஆனால் இழுத்தால் எளிதில் அறுந்துவிடும். எல்லாம் கலந்த கட்டை வாங்குபவர் அதிலுள்ள மிக மோசமான இழையை வைத்தே மதிப்பிடுவார்.

ஒரு டன் வாழைமரத்திலிருந்து 100 கிலோ நார் கிடைக்கும் என்று இயந்திரம் விற்பவர் சொல்கிறார். நம்பலாமா?

சுரண்டியவுடன் ஈரத்தோடு எடைபோட்டால் அவர் சொல்வது ஏறத்தாழ அமையக்கூடும். காய்ந்த நாரைச் சொல்கிறார் என்றால் நடக்காத காரியம். வாழைமரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். 92 விழுக்காடு நீர் என்று வைத்துக்கொண்டால், ஒரு டன்னில் உலர்ந்த பொருள் அனைத்தும் சேர்ந்தே 80 கிலோதான் இருக்கும். அதிலும் பெரும்பகுதி நாருக்கு உதவாத சதை. காய்ந்த நாராக, பச்சை எடையில் அரை முதல் ஒரு விழுக்காடு, அதாவது ஒரு டன்னுக்கு 5 முதல் 10 கிலோ வரை எதிர்பார்ப்பதே நியாயம். மீதமுள்ள ஈரச்சதையை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதையும் இயந்திரம் வாங்குவதற்கு முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்; இரண்டு நாளில் அது நாற ஆரம்பித்துவிடும்.

வாழை இனத்து நாரில்தான் கப்பல் கயிறே திரிக்கிறார்கள் என்று படித்தேன். அப்படியானால் நம் நாரும் அதற்கு ஆகும் அல்லவா?

பாதி சரி. கப்பல் கயிற்றுக்குப் பெயர்பெற்றது அபாகா. பிலிப்பைன்ஸைத் தாயகமாகக் கொண்ட அதுவும் வாழைக் குடும்பம்தான். ஆனால் நாருக்கென்றே வளர்க்கப்படும் தனி இனம். பழத்துக்காக வளர்த்த மரத்தின் நாரை அதே வலிமைக்கு நம்பிப் பாரம் தூக்கக் கூடாது. பாய், பை, கைவினைப் பொருள், காகிதக்கூழ் ஆகியவற்றுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நறுக்கிய வாழைமரத்தை மூட்டையில் காற்றுப் புகாமல் அடைத்து, புளிக்கவைத்த தீவனமான சைலேஜ் போட்டேன். 40 நாள் கழித்துப் பிரித்தால் கூழாகி நாறுகிறது, மாடு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெல்லப்பாகு போதவில்லையா?

பாகு அல்ல, தண்ணீர்தான் காரணம். இவ்வளவு ஈரத்தில் புளிப்பேற்றும் நுண்ணுயிர் வலுப்பெறுவதற்குள் அழுகச்செய்யும் நுண்ணுயிர் முந்திக்கொள்கிறது. கலவையின் ஈரத்தை 70 விழுக்காட்டுக்கு இறக்கிய பிறகே மூட்டையைக் கட்ட வேண்டும்.

கணக்கை உங்கள் அளவிலேயே போட்டுப் பார்ப்போம். 100 கிலோ பச்சை நறுக்கலில் உலர்பொருள் 8 கிலோ. அதை அப்படியே கலப்பதானால், ஈரம் 70 விழுக்காட்டுக்கு வர ஏறக்குறைய 37 கிலோ காய்ந்த வைக்கோல் வேண்டும். அவ்வளவு வைக்கோலைச் சேர்த்தால் அது வைக்கோல் தீவனமாகிவிடும், வாழை பெயருக்குத்தான் இருக்கும். அதே 100 கிலோவைப் பிழிந்தோ வெயிலில் பரப்பி வாட்டியோ 50 கிலோவாக இறக்கிவிட்டால் 12 கிலோ வைக்கோல் போதும். ஆகவே உழைப்பை வாட்டுவதில் செலவிடுங்கள். பட்டை தானாக வாட நாளாகும் என்பதால், விரல் நீளத்துக்கும் குறைவாக நறுக்கி மெல்லப் பரப்ப வேண்டும்.

கட்டும் முன் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் சொட்டினால் இன்னும் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் உருண்டை மெதுவாக விரிந்து, உள்ளங்கை மட்டும் ஈரமாக இருந்தால் சரியான பதம். பிறகு வெல்லப்பாகை 2 அல்லது 3 விழுக்காடு கலந்து, காற்று போகுமாறு மிதித்து அடைத்து, இறுகக் கட்டிவிடுங்கள். நன்றாக வந்த சைலேஜில் இதமான புளிப்பு மணமே இருக்கும். முடைநாற்றமோ வெண்பூஞ்சையோ தெரிந்தால் குப்பைக்குழிதான் அதற்கு இடம்.

எங்கள் மாடு ஐந்து வருடமாகப் பச்சைப் பட்டையைத் தின்கிறது, ஒரு குறையும் இல்லை. இத்தனை சிரமம் எதற்கு?

முந்தையவர் கேட்டது சேமித்து வைப்பதைப் பற்றி. நீங்கள் சொல்வது அன்றாடம் வெட்டிப் போடுவதைப் பற்றி. அன்றாடம் போடுவதில் தவறில்லை. ஆனால் 20 கிலோ பட்டையில் உலர்பொருள் ஒன்றரைக் கிலோ சொச்சம்தான். 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிலோ உலர்பொருள் வேண்டும். உங்கள் மாட்டைத் தாங்குவது வேறு தீனி. பட்டை அதற்குத் தண்ணீரும் கொஞ்சம் நாரும் கொடுக்கிறது. இதில் புரதமும் மிகக் குறைவு. கறவை மாட்டுக்குப் பட்டையையோ இந்தச் சைலேஜையோ மட்டும் நம்பினால் முதலில் பால் இறங்கும், பிறகு உடம்பும் இளைக்கும். பிண்ணாக்கோ பயறுவகைத் தழையோ கூடவே வேண்டும்.

சந்தையிலிருந்து பழத்தோல் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. பூஞ்சை பிடித்ததை வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

காய்ந்தால் பூஞ்சை வளர்வது நிற்கும்; அது வரை உண்மை. பூஞ்சை ஏற்கனவே சுரந்த நஞ்சு வெயிலுக்கும் போகாது, கொதிநீருக்கும் முழுதாகப் போகாது. பூத்த தோலை எந்த மாட்டுக்கும் போடாதீர்கள், கறவை மாட்டுக்கு ஒருபோதும் வேண்டாம்; அந்த நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கும். மூட்டை வந்த அன்றே கொட்டிப் பரப்பி, பிளாஸ்டிக், நூல், ஒட்டுத்தாள் ஆகியவற்றைப் பொறுக்கி எடுங்கள். காய்த்தோல் துவர்ப்பானது, அதை மாடு விரும்பாது. பழுத்த தோலில் துவர்ப்புக் குறைவு. சருகு போல மொறுமொறுப்பாக ஒடியும் வரை காய்ந்தால்தான் சேமிக்கலாம். வளைந்துகொடுத்தால் உள்ளே ஈரம் மீந்திருக்கிறது என்று பொருள்.

பாக்குமட்டைத் தட்டு போல வாழைப்பட்டையில் தட்டு அழுத்த முயன்றேன். கொப்புளம் வருகிறது, இல்லையேல் வெடிக்கிறது.

பாக்குமட்டை கெட்டியான ஒற்றைத் தகடு. வாழைப்பட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தேனடை போல வரிசையாகக் காற்றறைகள் தெரியும். ஈரம் மிகுந்திருக்கையில் சூடான அச்சில் வைத்தால் அறைகளில் ஆவி சிக்கிக் கொப்புளமாகும். அதிகம் காய்ந்துவிட்டால் அறைச்சுவர் நொறுங்கி வெடிக்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பதம் மிகக் குறுகியது. ஆகவே ஒற்றைப் பட்டையில் ஆழமான கிண்ணத்தை நான் பரிந்துரைப்பதில்லை. தட்டையான தட்டுக்கு இலையே மேல்: நரம்புகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையுமாறு இரண்டு மூன்று அடுக்கு வைத்து, மாவுப்பசை தடவி அழுத்தினால், நரம்பு வழியே கிழிவது நிற்கும். சூட்டில் இலையின் பச்சை நிறம் மங்காமல் தடுக்க இன்னும் எனக்கு வழி பிடிபடவில்லை. யாரேனும் சாயமின்றிச் செய்து பார்த்திருந்தால் அச்சின் சூட்டையும் அழுத்திய நேரத்தையும் குறித்து எழுதுங்கள்.