லேத் பட்டறைக்குப் புதுப் பையன்: நாலு கேள்வி

பையன் சேந்து ரெண்டு மாசம் ஆச்சு, கூட்டறதும் சாமான் எடுத்துக் குடுக்கறதுமாவே போகுது. எங்கேர்ந்து சொல்லித் தர?

மெஷின விடுங்க, மொதல்ல அளக்கச் சொல்லுங்க. நீங்க ஏற்கனவே அளந்து எழுதி வச்ச பத்து பீஸ எடுத்து, வெர்னியரோட அவன் கைல குடுங்க. அவன் ரீடிங் உங்களோடதவிட கம்மியா வந்தா தாடைய இறுக்கி அமுக்குறான்னு அர்த்தம், கூட வந்தா பெரும்பாலும் சாய்ச்சுப் பிடிக்கிறான். மூணு நாள் தொடர்ந்து பத்தும் 0.04 மி.மீ.க்குள்ள வந்தா லேத் பக்கம் கூட்டிட்டுப் போங்க.

அங்க மொத நாள், கையுறை போடக்கூடாது, சக் கீய சக்குலயே விட்டுட்டு கை எடுக்கக்கூடாது, இது ரெண்டுதான். அப்புறம் ஃபேசிங், அப்புறம் 25 மி.மீ. ராட 20க்கு கடையறது. இதுல 0.1க்குள்ள தொடர்ந்து அஞ்சு பீஸ் நீங்க பக்கத்துல நிக்காம வந்தா பாஸ், அடுத்து 0.05. த்ரெட் எல்லாம் அதுக்கப்புறம்தான். நோட்டுல தேதி, பீஸ், அளவு அவனே எழுதட்டும்.

ஸ்டைபெண்ட் எவ்வளவு குடுக்கறது நியாயம்?

உங்க ஊர் சட்டத்துல குறைஞ்சபட்சம்னு ஒண்ணு இருந்தா அதுக்குக் கீழ போகவே கூடாது. அதுக்கு மேல நான் பாக்கற கணக்கு இதுதான், தேர்ந்த டர்னர் சம்பளம் 100ன்னா ஆரம்பம் 50, 0.1ல பாஸ் ஆனா 60, 0.05னா 70, த்ரெட் தனியா போட்டா 80. ஆறு மாசம் ஆச்சு, ஒரு வருஷம் ஆச்சுன்னு ஏத்துனா உங்களுக்கும் அவனுக்கும் எதுக்கு ஏறுச்சுன்னே தெரியாது. சேரும்போதே இத ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கங்க.

பீஸ் வீணாப்போனா பிடிச்சுக்கலாமா?

கூடாதுங்க. பிடிச்சீங்கன்னா அடுத்த தடவ கெட்ட பீஸ ஒளிச்சு வைப்பான், அது கஸ்டமர்கிட்ட போய்தான் தெரியும்! ஏன் கெட்டுச்சுன்னு பாருங்க. பல லேத்துல டயல்ல 0.5 உள்ள போனா விட்டம் 1 மி.மீ. குறையும், இது தெரியாம 20.6ல இருக்கறத 20க்கு கொண்டுவர 0.6 தள்ளுவான், 19.4 ஆயிடும். என் பட்டறைலயே ஒரு பையன் ஒரே நாள்ல இப்படி ஏழு பீஸ் போட்டான், விசாரிச்சா எங்க டயல் எந்த வகைன்னு நாந்தான் அவன்கிட்ட சொல்லவே இல்ல. (சிலதுல நேரா விட்டத்துலயே குறிச்சிருக்கும், பாத்துக்கங்க.) பழகறதுக்கு ஆர்டர் மெட்டீரியல் வேணாம், துண்டு ராடு குடுங்க.

கத்துக்கிட்டு வேற எடத்துக்கு ஓடிட்டா?

போகலாம். ஆனா 80க்கு வந்தவன 50லயே வச்சிருந்தா கண்டிப்பா போவான்.