ஃபிளாட் வட்டி 12% என்றால் உண்மையில் எவ்வளவு?

கேள்வி: 60,000 ரூபாய் லேப்டாப். 12% வட்டி, 12 மாதத் தவணை என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா, காசு சேர்த்து வாங்கலாமா?

அந்த 12% ஃபிளாட் வட்டியா என்று முதலில் கேளுங்கள். ஃபிளாட் என்றால் 7,200 வட்டியை மொத்தமாகச் சேர்த்து, மாதம் 5,600 கட்டச் சொல்வார்கள். அதில் அசல் 5,000, வட்டி 600. சூட்சுமம் இங்கேதான்: கடைசி மாதம் பாக்கி நிற்கும் அசல் வெறும் 5,000. அதற்கும் அதே 600 வட்டி! குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால், இது ஆண்டுக்குச் சுமார் 21.5%. எக்செல்லில் நீங்களே போட்டுப் பாருங்கள்:

```
=RATE(12,-5600,60000)*12
```

அதே 5,600ஐ மாதாமாதம் ஒதுக்கினால் பதினோராவது மாதம் ரொக்கமாகவே வாங்கிவிடலாம். லேப்டாப் இப்போதே கையில் இருந்தால் மாதம் 600க்கு மேல் கூடுதலாகச் சம்பாதிப்பீர்கள் என்றால், சரி, தவணையில் எடுங்கள்.