லெட்டரில் 5 லட்சம், கையில் 4.70 லட்சம்

கேள்வி: பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம் செய்கிறேன். தர்மபுரியில் ஒரு ஃபைனான்ஸில் 5 லட்சம், 14% வட்டி, 60 மாதம், டியூ 11,634 என்று சேங்க்ஷன் லெட்டர் கொடுத்திருக்கிறார்கள். பிராசஸிங் ஃபீஸ் ஜிஎஸ்டியோடு 11,800, இன்சூரன்ஸ் 18,200 பிடித்துக்கொண்டு 4,70,000தான் கணக்கில் ஏறுமாம். டியூ தவறினால் மாதம் 2% அபராத வட்டியாம். இன்சூரன்ஸ் எடுக்காவிட்டால் லோன் பாஸ் ஆகாது என்கிறார் அங்கிருக்கும் தம்பி. கையெழுத்துப் போடலாமா சார்?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். லெட்டரோடு கேஎஃப்எஸ் என்று, கடனின் முக்கிய விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லும் ஒரு தாள் தந்திருக்க வேண்டும், தரவில்லை என்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அதுவும் உங்களுக்குப் புரியும் மொழியில். படித்துப் பார்த்து முடிவெடுக்கக் குறைந்தது 3 வேலை நாள் அவகாசமும் உண்டு, அதனால் 'இன்னைக்கே போட்டாதான் ஆச்சு' என்ற அவசரத்துக்கு மசியாதீர்கள்.

அந்தத் தாளில் ஏபிஆர் என்று, பிடித்தங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட வருட வட்டி சதவீதம் இருக்கும், நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். கையில் வாங்குவது 4,70,000, டியூ கட்டுவதோ 5 லட்சத்துக்கு. அப்படிக் கணக்குப் போட்டால் உங்கள் 14% சுமார் 16.8% ஆகிறது. இன்சூரன்ஸை எடுத்துவிட்டால் 15.1%க்கு இறங்கிவிடும்.

பிராசஸிங் ஃபீஸில் பேரம் பேசிப் பார்க்கலாம், கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பெரிய ஓட்டை இன்சூரன்ஸ். அந்த 18,200ம் கடன் தொகைக்குள்ளேயே இருப்பதால் அதற்கும் 5 வருஷம் வட்டி ஓடும், கடைசியில் சுமார் 25,400 கட்டியிருப்பீர்கள். இது எதற்கான கவர், இறப்புக்கா, விபத்துக்கு மட்டுமா, கடன் குறையக் குறைய கவரும் குறையுமா என்று கேளுங்கள், பாதிப் பேருக்கு பதில் தெரியாது. பாலிசிக்குத் தனிச் சம்மதப் படிவம் உண்டு, லோன் பேப்பர் கட்டுக்குள் அதையும் செருகித்தான் நீட்டுவார்கள். ஏற்கெனவே டெர்ம் பாலிசி இருந்தால் அதைக் காட்டி, இது வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். கட்டாயம்தான் என்றால் அந்தத் தம்பி அதை மெயிலில் அனுப்பட்டும். பெரும்பாலும் மெயில் வராது, இன்சூரன்ஸ் இல்லாத புது லெட்டர்தான் வரும்.

அப்புறம் அந்த 2%. 2024 ஏப்ரல் முதல் தரும் கடன்களில் அபராதத்தை வட்டியாக ஏற்றக் கூடாது, அபராதக் கட்டணமாகத்தான் போடலாம், அதை அசலில் சேர்த்து அதன்மேல் வட்டி போடவும் கூடாது. 'அபராத வட்டி' என்று இன்னும் அச்சடித்திருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். டியூ 10 நாள் தள்ளிப்போனால் மாதம் 2% கணக்கில் 78 ரூபாய்தான், ஆனால் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் போடும் பவுன்ஸ் சார்ஜ் அதைவிடப் பல மடங்கு இருக்கும். அது எவ்வளவு என்று லெட்டரில் தேடிப் பாருங்கள், உங்களுக்கு மண்டிப் பணம் வரும் தேதியை ஒட்டி டியூ தேதியையும் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

எதையும் திருத்தித் தர மறுத்தால் ஃபைனான்ஸிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் புகார் போடலாம்.