படத்தில் உள்ள மஞ்சள் மல்டிமீட்டர்: எதற்குப் போதும், எதற்குப் போதாது?

கேள்வி: மாமா வீட்டுப் பரணில் கிடைத்த மல்டிமீட்டரின் படத்தை இணைத்துள்ளேன். மஞ்சள் நிறம், நடுவில் பெரிய டயல், மேலே டிடி830டி என்று எழுதியிருக்கிறது. கம்பெனி பெயர் எதுவும் இல்லை. ஆர்டுயினோ போர்டும் சின்னச் சின்ன டிரான்சிஸ்டர் சர்க்யூட்டும் செய்து பழகுகிறேன். இது போதுமா? வீட்டு ப்ளக் பாயிண்டில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கவும் இதைப் பயன்படுத்தலாமா?

பதில்: ஆர்டுயினோவுக்குத் தாராளமாகப் போதும். ப்ளக் பாயிண்ட் பக்கம் இதைக் கொண்டுபோக வேண்டாம்.

இந்த மாடலைப் பல தொழிற்சாலைகள் ஒரே அச்சில் செய்கின்றன. மேலே ஒட்டியிருக்கும் பெயரும் கடைசி எழுத்தும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் பெயரைவிட டயலைப் படிப்பதே சரியான வழி. உங்கள் படத்தில் டிசி வோல்டேஜ் 200 மில்லிவோல்ட்டில் தொடங்கி 1000 வரை ஐந்து நிலைகளாக இருக்கிறது. ஏசி வோல்டேஜுக்கு 200, 750 என்று இரண்டே நிலைகள். ஓம் அளவு 200 முதல் 2000 கிலோ வரை. டயோடு குறிக்குப் பக்கத்தில் ஒலி அலை போல வளைகோடுகள் தெரிவதால் கன்டினியூட்டி பார்க்கும்போது பீப் சத்தம் வரும். இதே உருவத்தில் பீப் இல்லாத மீட்டர்களும் விற்கின்றன. சர்க்யூட் பழகுகிறவர் அதிகம் பயன்படுத்துவது அந்தச் சத்தத்தைத்தான், ஆகவே அது இருப்பது நல்லது.

கெப்பாசிட்டர் அளக்கும் நிலை இதில் இல்லை, ஏசி கரண்ட்டும் அளக்க முடியாது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் 6 வோல்ட் போன்ற சிறிய ஏசியையும் இதை வைத்து நம்பி அளக்க முடியாது. உள்ளே ஒற்றை டயோடு வழியாகத்தான் ஏசி அளக்கப்படுகிறது. அந்த டயோடே அரை வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும்.

டிசி வோல்டேஜில் இது எவ்வளவு துல்லியம்? இந்த வகை மீட்டரின் கையேட்டில் வழக்கமாக அரை சதவீதமும் கடைசி இலக்கத்தில் இரண்டும் பிழை என்று போட்டிருப்பார்கள். 20 வோல்ட் நிலையில் வைத்து, சரியாக 5 வோல்ட் வரும் பின்னை அளந்தால் 4.95க்கும் 5.05க்கும் இடையே காட்டலாம் என்று பொருள். ஆர்டுயினோ வேலைக்கு இதற்கு மேல் தேவையில்லை.

ஆனால் படத்தில் தெரியாத ஒரு குணம் இதற்கு உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் அளந்தால் குழம்பிப்போவீர்கள். வோல்டேஜ் அளக்கும்போது எந்த மீட்டரும் சர்க்யூட்டிலிருந்து கொஞ்சம் கரண்ட்டை இழுக்கும். பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களின் உள்தடை 10 மெகாஓம். இந்த வகையில் 1 மெகாஓம்தான். உங்கள் மீட்டரில் எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். 1 மெகாஓம் ரெசிஸ்டர் இரண்டை வரிசையாக இணைத்து, இரு முனைகளையும் 9 வோல்ட் பேட்டரியில் கொடுங்கள். ஒரு ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே அளந்தால் பாதியாகிய 4.5 வோல்ட் காட்ட வேண்டும் என்றுதான் கணக்கு சொல்லும். மீட்டர் 3 வோல்ட்தான் காட்டும். ப்ரோப் வைத்ததும் மீட்டரின் 1 மெகாஓம் அந்த ரெசிஸ்டருக்கு இணையாகச் சேர்ந்து, அந்தப் பக்கத் தடை அரை மெகாஓமாகக் குறைந்துவிடுவதே காரணம். மொத்தம் ஒன்றரை மெகாஓமில் அரை மெகாஓம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. 10 மெகாஓம் மீட்டராக இருந்தால் இதே இடத்தில் 4.3 வோல்ட்டுக்குச் சற்று குறைவாகக் காட்டும்.

இது எப்போது பாதிக்கும்? 10 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டை வைத்து வோல்டேஜைப் பிரிக்கும் சாதாரண சர்க்யூட்டில் பிழை அரை சதவீதம்தான், கண்ணுக்கே தெரியாது. மாஸ்ஃபெட்டின் கேட்டில் 1 மெகாஓம் போட்டிருந்தாலோ, பேட்டரி தீராமல் இருக்கப் பெரிய ரெசிஸ்டர்களால் வோல்டேஜைப் பிரித்திருந்தாலோ, மீட்டர் காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ப்ரோப் வைத்ததும் சர்க்யூட்டின் நடத்தையே மாறுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது இந்த உள்தடையைத்தான்.

பரணில் கிடந்த மீட்டர் என்பதால் முதலில் ப்ரோப்பைச் சோதியுங்கள். 200 ஓம் நிலையில் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தால் ஒரு ஓம் அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். ஒயரைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் வளைத்து ஆட்டும்போது எண் தாவினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, புது ப்ரோப் வாங்கிவிடுங்கள். அடுத்து 20 மில்லிஆம்பியர் நிலைக்கு மாற்றி, 9 வோல்ட் பேட்டரியோடு 1 கிலோஓம் ரெசிஸ்டரையும் மீட்டரையும் வரிசையாக இணையுங்கள். 9 மில்லிஆம்பியரை ஒட்டிக் காட்டினால் உள் ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. சுழியிலேயே நின்றால் ஃப்யூஸ் போயிருக்கலாம். ப்ரோப்பைக் கழற்றிவிட்டு, பின்மூடியைத் திறந்து, பழைய ஃப்யூஸில் பொறித்திருக்கும் அதே அளவில் புதியது போடுங்கள். இங்கே ரெசிஸ்டர் இல்லாமல் பேட்டரியை நேரடியாகக் கொடுத்தால் நல்ல ஃப்யூஸும் போய்விடும்.

இனி ப்ளக் பாயிண்ட். டயலில் 750 வோல்ட் என்று இருப்பதால் 230 வோல்ட் ஒன்றுமில்லை என்று தோன்றும். அந்த எண் மீட்டர் எவ்வளவு வரை காட்டும் என்பதைத்தான் சொல்கிறது, தவறு நடந்தால் உங்கள் கை என்னாகும் என்பதைச் சொல்வதில்லை. படத்தில் 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் கிடையாது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது, பாருங்கள். அந்தத் துளைக்கும் பொதுத் துளைக்கும் இடையே உள்ளே இருப்பது வளைத்த ஒரு தடித்த கம்பி மட்டுமே. முன்பு கரண்ட் அளந்துவிட்டு சிவப்பு ப்ரோப்பை அதிலேயே விட்டிருந்தால், டயல் எந்த நிலையில் இருந்தாலும், ப்ளக்கில் வைத்த நொடியில் லைனும் நியூட்ரலும் நேராக ஷார்ட் ஆகும். மில்லிஆம்பியர் பக்கத்திலோ சிறிய கண்ணாடி ஃப்யூஸ். பெரிய ஷார்ட் கரண்ட்டில் அது உடைந்த பிறகும் உள்ளே பொறி தொடரலாம். பின்னால் CAT II, CAT III என்று பாதுகாப்பு வகை அச்சிட்டிருந்தாலும், கம்பெனி பெயரே இல்லாத மீட்டரில் அதை நம்பக் கூடாது.

கரண்ட் வருகிறதா என்பது மட்டும்தான் கேள்வி என்றால், வேறிடத்தில் எரிகிற ஒரு டேபிள் லேம்ப்பை அந்த ப்ளக்கில் செருகிப் பார்த்தால் போதும். மெயின்ஸ் அளந்தே ஆக வேண்டுமென்றால், எல்லாக் கரண்ட் துளைகளுக்கும் செராமிக் ஃப்யூஸ் உள்ள, பெயருள்ள கம்பெனியின் CAT III 600 வோல்ட் மீட்டர் தனியாக வாங்க வேண்டும். அதில் 10 மெகாஓம் உள்தடையும் கெப்பாசிட்டர் அளவும் பெரும்பாலும் கூடவே கிடைத்துவிடும்.

கடைசியாக பேட்டரி. இதில் தானாக அணையும் வசதி இல்லை, அணைக்க மறந்தால் 9 வோல்ட் பேட்டரி வீணாகும். பேட்டரி தளர்ந்த மீட்டர் பேசாமல் அணைந்துவிடாது, உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டத் தொடங்கும். 5 வோல்ட் பின்னில் 6 வோல்ட் காட்டினால் போர்டின் ரெகுலேட்டரைக் கழற்றுவதற்கு முன் மீட்டருக்குப் புது பேட்டரி போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.