140 பேர் கேட்டார்கள். 60 பை தைக்கலாமா?

"கான்வாஸ் துணியில் லேப்டாப் பை தைத்து விற்க நினைக்கிறேன். மாதிரிப் பையின் படத்தைப் போட்டதும் 140 பேர் ‘எனக்கு வேண்டும்’ என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். தைத்துத் தருபவர் குறைந்தது 60 பை ஆர்டர் கேட்கிறார். நம்பிக் கொடுத்துவிடலாமா?"

இப்போதே கொடுக்காதீர்கள், பத்து நாள் பொறுங்கள். பெயர் கொடுக்க யாருக்கும் எதுவும் செலவாகவில்லை. விலை தெரியாமல், தேதி தெரியாமல் கொடுத்த பெயர் அது. அந்தப் பட்டியல் யாரிடம் கேட்கலாம் என்று காட்டும். எத்தனை விற்கும் என்று காட்டாது. அதைத் தெரிந்துகொள்ள முன்பணம் கேட்டே ஆகவேண்டும்.

கேட்பதற்கு முன்னால் ஒரு கணக்கு. 60 பைக்கு ஆகும் மொத்தச் செலவை, ஒரு பை விற்றால் கையில் நிற்கும் தொகையால் வகுத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு 36 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 36 பை விற்றால் போட்ட காசு திரும்பிவிடும். ஆனால் முன்பதிவு செய்தவர்களிலும் சிலர் பின்வாங்குவார்கள். டெஸ்லா மாடல் 3 காருக்கு 2016-இல் ஆயிரம் டாலர் முன்பணம் வாங்கினார்கள். கேட்டால் திருப்பித் தரப்படும் பணம். 2017 ஆகஸ்டில் அந்த நிறுவனம் சொன்ன கணக்குப்படி, பதிவான 5,18,000 பேரில் 63,000 பேர் விலகியிருந்தார்கள். ஏறக்குறைய எட்டில் ஒருவர். காரும் பையும் ஒன்றல்ல, ஆனாலும் அந்த அளவு விலகலுக்கு இடம் விடுவது நல்லது. அப்படியானால் 36 பை விற்க 41 முன்பதிவு வேண்டும். இந்த எண்ணை இன்றே எழுதி வைத்துவிடுங்கள். பணம் வர ஆரம்பித்த பிறகு எழுதினால், வந்த எண்ணையே போதும் என்று மனசு சொல்லும்.

அப்புறம் 140 பேருக்கும் செய்தி அனுப்புங்கள். தள்ளிப்போட வேண்டாம், ஒரு மாதம் போனால் பாதிப் பேருக்குப் பெயர் கொடுத்ததே மறந்திருக்கும். செய்தி இப்படி இருக்கலாம்: "பை தயார் செய்யப் போகிறோம். விலை இவ்வளவு, அனுப்பும் செலவு இவ்வளவு. நிறத்தைத் தேர்ந்தெடுத்து, விலையில் கால் பங்கை இந்தத் தேதிக்குள் செலுத்துங்கள். 41 பேர் சேராவிட்டால் மூன்று நாளில் முழுப் பணமும் திரும்பி வரும்." தைப்பவர் மூன்று வாரம் என்றால் நீங்கள் ஐந்து வாரம் என்று சொல்லுங்கள். வந்த பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். முடிவு தெரியும்வரை துணி வாங்கக்கூட அதைத் தொடக்கூடாது. பணம் வாங்கித் தரும் நிறுவனங்களில் சில, நாம் பணத்தைத் திருப்பினாலும் தங்கள் கட்டணத்தைத் திருப்புவதில்லை. அதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பத்தாம் நாள் 31 பேர் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் நிறத்தைப் பிரித்துப் பாருங்கள். கருப்பு 22, பச்சை 7, சிவப்பு 2 என்று இருந்தால், மூன்று நிறத்திலும் இருபது இருபதாகத் தைக்க நினைத்த திட்டம் அங்கேயே முடிந்துவிடும். சிவப்பு கேட்ட இருவரிடம் வேறு நிறம் சம்மதமா என்று கேளுங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிவிடுங்கள். உறவினர், நண்பர் எத்தனை பேர் என்றும் எண்ணுங்கள். அவர்கள் பணமும் பணம்தான், ஆனால் அடுத்த முறைக்கு அந்தக் கணக்கு உதவாது.

கட்டாத 109 பேரில்தான் விஷயம் இருக்கிறது. பத்துப் பேரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள். "ஏன் வாங்கவில்லை" என்று கேட்டால் சங்கடப்பட்டு ஏதோ ஒரு காரணம் சொல்வார்கள். "இப்போது லேப்டாப்பை எதில் எடுத்துப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். நான்கைந்து பேர் தங்களுடையது 15.6 அங்குலம் என்றும், உங்கள் மாதிரி 14 அங்குலத்துக்குத் தைத்தது என்றும் சொன்னால், பை வேண்டாம் என்று அர்த்தமில்லை. அளவுதான் தவறு. விலையைக் கேட்டதும் பேச்சு நின்றால் அது வேறு சிக்கல், அளவை மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

சரி, 41 வரவில்லை. 60 தைக்கக்கூடாது. ஆனால் பணத்தைத் திருப்பும் முன் தைப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: கூலி கொஞ்சம் கூட்டித் தந்தால் 40 தைப்பாரா? அந்த விலையில் 28 பை விற்றால் செலவு திரும்பும் என்று கணக்கு வந்தால், 31 பேரில் எட்டில் ஒருவர் விலகினாலும் 27 பை போய்விடும். மிச்சம் 13 பை இருக்கும், அதில் ஒன்று விற்றால் போட்டது கைக்கு வந்துவிடும். நானாக இருந்தால் இதற்குத் துணிவேன். ஆனால் 41 சேராவிட்டால் பணம் திரும்பும் என்று சொல்லித்தானே வாங்கினீர்கள்? அதனால் 31 பேரிடமும் "40 மட்டும் தைக்கிறோம், விலையும் தேதியும் அதேதான், தொடரலாமா?" என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகே துணியை வெட்டச் சொல்லுங்கள்.